மாறாத கதவெண்: ஹோஸ்ட்-ஒன்லி வலையமைப்பில் ஒரு வலைச் சேவையகம்

ஒரு கணினியின் நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டு, அதற்குள்ளேயே இன்னொரு கணினியை மென்பொருளாக இயக்கும் ஏற்பாட்டில், மேசைமேல் இருக்கும் உண்மையான கணினியை ஹோஸ்ட் அல்லது புரவலர் என்றும், அதற்குள் இயங்கும் மெய்நிகர் கணினியைக் கெஸ்ட் அல்லது விருந்தினர் என்றும் வழங்குவது வழக்கம். விருந்தினர் கணினிக்குத் தனி இயங்குதளமும் தனி வட்டும் தனி வலையமைப்பு அட்டையும் உண்டு என்பதால், அதில் ஒரு வலைச் சேவையகத்தை நிறுவி, புரவலரின் உலாவியிலிருந்து அதன் பக்கங்களைத் திறந்து பார்ப்பது வலைத்தளம் உருவாக்குவோரின் அன்றாட வேலையாக இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன என்றாலும், ஒன்றை மற்றொன்று அடைவது தானாக நடந்துவிடுவதில்லை. அவற்றுக்கு இடையே ஒரு வலையமைப்பு இருக்க வேண்டும், அந்த வலையமைப்பில் விருந்தினருக்கு ஒரு முகவரி இருக்க வேண்டும், அந்த முகவரி நாளைக்கும் அதேயாக இருக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளில் உபுண்டு 24.04 சர்வரை விருந்தினராகவும், லினக்ஸ் இயங்கும் ஒரு மடிக்கணினியைப் புரவலராகவும் கொண்டு, இந்த மூன்று தேவைகளும் எவ்வாறு நிறைவேறுகின்றன என்பதை இவ்வத்தியாயம் படிப்படியாகக் காட்டுகிறது.

வெளியே போகும் வழி மட்டும் உள்ள வீடு

புதிதாக ஒரு விருந்தினர் கணினியை உருவாக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் அதற்கு `NAT` என்னும் வகை இணைப்பையே தருகிறது. இந்த வகையில், விருந்தினர் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தையும் விர்ச்சுவல்பாக்ஸ் தன் கையில் வாங்கி, அதைப் புரவலரே அனுப்பியதுபோல வெளியே விடுகிறது. வரும் பதிலை நினைவில் வைத்திருந்து விருந்தினரிடம் சேர்க்கிறது. விருந்தினருக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு விருந்தினர்களை இயக்கிப் பார்த்தால் இரண்டுக்குமே 10.0.2.15 என்ற முகவரியே இருப்பதைக் காணலாம், ஆனாலும் மோதல் எதுவும் நேராது. ஏனெனில் ஒவ்வொன்றும் தனக்கே உரிய தனி உள்வலையில், வேறு எவரும் இல்லாத இடத்தில் இருக்கிறது.

இந்தத் தனிமைதான் இங்கே தடையாகிறது. புரவலரின் உலாவியில் 10.0.2.15 என்று தட்டினால், புரவலரின் வழித்தட அட்டவணையில், அதாவது எந்த முகவரிக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று இயங்குதளம் வைத்திருக்கும் பட்டியலில், அந்த முகவரிக்கு வரி எதுவும் இருக்காது. வழி தெரியாத பொட்டலங்கள் எல்லாம் போகும் பொதுவழியில், அதாவது வீட்டு ரூட்டரை நோக்கி, அந்தக் கோரிக்கை புறப்பட்டுப் போய்விடும். விருந்தினர் அதே கணினிக்குள் காத்திருக்க, பொட்டலம் வீட்டுக்கு வெளியே அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

இதற்கு இரண்டு மாற்றுகள் பரவலாகப் பயன்படுகின்றன. புரவலரின் ஒரு போர்ட்டுக்கு, எடுத்துக்காட்டாக 8080-க்கு, வருவதை விருந்தினரின் 80-ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் ஒன்று. இது ஒரே ஒரு சேவைக்குப் போதுமானது, ஆனால் தரவுத்தளம், எஸ்எஸ்எச், இரண்டாவது தளம் என்று சேவைகள் பெருகும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுத வேண்டியிருக்கும். விருந்தினரை வீட்டு வலையமைப்பிலேயே நேரடியாகச் சேர்த்துவிடும் பிரிட்ஜ்டு முறை மற்றொன்று. இதில் விருந்தினரின் முகவரி வெளியே இருக்கும் ரூட்டரின் கையில் இருப்பதால், மடிக்கணினியை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றாலே முகவரியும் மாறிவிடும். வெளியுலகம் எதுவாக மாறினாலும் தான் மாறாத ஒரு வலையமைப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஹோஸ்ட்-ஒன்லி முறையே பொருத்தமானது.

பெட்டிக்குள் ஒரு தெரு

ஹோஸ்ட்-ஒன்லி வலையமைப்பை, கம்பி எதுவும் வெளியே போகாத ஒரு ஸ்விட்ச் என்று எண்ணிக்கொள்ளலாம். விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளாகவே உருவாக்கும் இந்த ஸ்விட்சில் விருந்தினர்கள் செருகப்படுகின்றன; புரவலரும் அதே ஸ்விட்சில் செருகப்படுகிறது என்பதே இதன் சிறப்பு. அதற்காகப் புரவலரின் இயங்குதளத்தில் ஒரு புதிய வலையமைப்பு அடாப்டர் முளைக்கிறது. லினக்ஸில் அதன் பெயர் `vboxnet0`, விண்டோஸில் `VirtualBox Host-Only Ethernet Adapter`. அது உண்மையான அட்டை இல்லை என்றாலும் இயங்குதளம் அதை வைஃபை அட்டையை நடத்துவதுபோலவே நடத்துகிறது. அதற்கு முகவரி கொடுக்கிறது, வழித்தட அட்டவணையில் வரி எழுதுகிறது.

இந்தத் தெருவின் கதவெண்கள் முன்கூட்டியே திட்டமிடப்பட்டவை. இயல்பான அமைப்பில் வலையமைப்பு 192.168.56.0/24 ஆகும். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 24 என்பது, 32 பிட்டுகள் கொண்ட முகவரியில் முதல் 24 பிட்டுகள் தெருவின் பெயரையும் மீதமுள்ள 8 பிட்டுகள் வீட்டின் எண்ணையும் குறிக்கின்றன என்று சொல்கிறது, ஆகவே 192.168.56 என்று தொடங்கும் அனைத்தும் ஒரே தெருவில் இருக்கின்றன, அவற்றில் 1 முதல் 254 வரையிலான எண்களைக் கணினிகளுக்குத் தரலாம். 192.168.56.1 புரவலருடையது. 192.168.56.100 என்னும் முகவரியில் விர்ச்சுவல்பாக்ஸின் டிஎச்சிபி சேவையகம் அமர்ந்திருக்கிறது; புதிதாக வரும் விருந்தினருக்கு முகவரி வழங்குவது அதன் வேலை, அது வழங்குவது 101 முதல் 254 வரையிலான எண்களை.

டிஎச்சிபி தரும் முகவரி குத்தகை முறையில் தரப்படுவது. முதல் விருந்தினருக்கு 101, அடுத்ததற்கு 102 என்று கிடைத்து, பல நாட்கள் அதுவே திரும்பத் திரும்பக் கிடைக்கவும் கூடும். அதனாலேயே பலர் அதை நிலையானது என்று நம்பிவிடுகிறார்கள். குத்தகை முடிந்தபின் வேறொரு விருந்தினர் முதலில் விழித்துக்கொண்டாலோ, விருந்தினரை நகலெடுக்கும்போது அதன் அட்டைக்குப் புதிய அடையாள எண் கிடைத்தாலோ, இயங்குதளத்தை மீண்டும் நிறுவினாலோ எண் மாறிவிடுகிறது. உலாவியின் புத்தகக்குறி, எஸ்எஸ்எச் அமைப்பு, தளத்தின் தரவுத்தளத்தில் பதிவான முகவரி ஆகிய எல்லாம் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்போது இந்த மாற்றம் நேர்வதுதான் தொல்லை.

எனவே விருந்தினர் தன் முகவரியைக் கேட்டுப் பெறாமல் தானே அறிவித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் அதே தெருவைச் சேர்ந்ததாகவும், புரவலரின் 1-ஆகவோ டிஎச்சிபி சேவையகத்தின் 100-ஆகவோ இல்லாததாகவும், டிஎச்சிபி பிறருக்கு வழங்கக்கூடிய 101 முதல் 254 வரையிலான பகுதிக்கு வெளியே இருப்பதாகவும் இருக்க வேண்டும். டிஎச்சிபி சேவையகம் தன் குறிப்பேட்டை மட்டுமே பார்த்து எண்களைப் பகிர்வதால், ஒரு விருந்தினர் தானாகவே 105-ஐ எடுத்துக்கொண்டால் அது அந்தக் குறிப்பேட்டில் இடம்பெறாது. பின்னால் வேறொன்றுக்கும் அதே எண் வழங்கப்படலாம். 2 முதல் 99 வரையிலான பகுதி யாருக்கும் வழங்கப்படாமல் கிடக்கிறது. இவ்வத்தியாயத்தில் 192.168.56.10 எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இரண்டு வாசல்கள்

ஹோஸ்ட்-ஒன்லி தெருவிலிருந்து இணையத்துக்கு வழி கிடையாது. மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் நிறுவவும் விருந்தினருக்கு இணையம் வேண்டும் என்பதால், முதல் அடாப்டரை `NAT` வகையிலேயே விட்டுவிட்டு, விருந்தினரை அணைத்த நிலையில் அதன் அமைப்புகளில் `Adapter 2`-ஐ இயக்கி, `Attached to` என்னும் இடத்தில் `Host-only Adapter` என்பதையும், பெயராக `vboxnet0`-ஐயும் தேர்ந்தெடுப்பதே நல்ல ஏற்பாடு. அப்படி ஒரு பெயரே பட்டியலில் இல்லையென்றால், விர்ச்சுவல்பாக்ஸின் `Network Manager` பக்கத்தில் `Create` பொத்தானை அழுத்தி அதை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

விருந்தினரை இயக்கி, அதன் டெர்மினலில் `ip -br addr` என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
lo       UNKNOWN  127.0.0.1/8
enp0s3   UP       10.0.2.15/24
enp0s8   DOWN
```

மூன்றாவது வரியே கவனிக்க வேண்டியது. `enp0s8` என்ற பெயர் வெறும் அடையாளக் குறி அன்று: பிசிஐ என்னும் உள்வழித்தடத்தின் 0-ஆம் கிளையில் 8-ஆம் செருகிடத்தில் இருக்கும் ஈதர்நெட் அட்டை என்பதை அது சுருக்கிச் சொல்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான வன்பொருள் அமைப்பில் முதல் அடாப்டர் 3-ஆம் இடத்திலும் இரண்டாவது 8-ஆம் இடத்திலும் வருவதால், இப்பெயர்கள் பெரும்பாலான உபுண்டு விருந்தினர்களில் ஒன்றாகவே இருக்கின்றன. அது `DOWN` என்று கிடப்பதைப் பழுது என்று கருத வேண்டியதில்லை. இயங்குதளத்தை நிறுவிய நாளில் இல்லாத அட்டை இது என்பதால், அதை என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கோப்பும் விருந்தினருக்குச் சொல்லவில்லை; சொல்லப்படாத அட்டையை உபுண்டு சர்வர் தொடுவதில்லை.

சொல்வதற்கான இடம் `/etc/netplan` என்னும் அடைவு. அங்கே நிறுவலின்போதே உருவான ஒரு கோப்பு இருக்கும். அதைத் திருத்துவதைவிட, `60-hostonly.yaml` என்ற பெயரில் தனிக் கோப்பு எழுதுவது நல்லது, ஏனெனில் முதல் கோப்பை வேறு கருவிகள் திருப்பி எழுத நேர்ந்தாலும் இது அழியாமல் இருக்கும்.

```
network:
  version: 2
  ethernets:
    enp0s8:
      dhcp4: false
      addresses:
        - 192.168.56.10/24
```

இந்தக் கோப்பில் இடைவெளிகளுக்கும் பொருள் உண்டு. எது எதன் உட்பிரிவு என்பதை வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடமே தீர்மானிக்கிறது, அந்த இடத்தை ஸ்பேஸ் விசையால்தான் விட வேண்டும், டேப் விசையை ஏற்காது. `/24` என்ற பின்னொட்டை மறந்தால் `netplan` உடனே பிழை காட்டிவிடும் என்பதால் அந்தத் தவறு தங்குவதில்லை. `/32` என்று தவறாக எழுதுவதுதான் மறைந்திருந்து தொல்லை தரும்: தெருவில் தன்னைத் தவிர வேறு வீடே இல்லை என்று விருந்தினர் கருதிக்கொள்வதால், 192.168.56.1-இலிருந்து வந்த கேள்விக்கான பதிலை இரண்டாம் வாசல் வழியே அனுப்பாமல், தெரியாத ஊருக்குப் போகும் பொட்டலமாக எண்ணி முதல் வாசல் வழியே அனுப்பிவிடும். பதில் புரவலரை வந்து சேராது.

கோப்பில் இல்லாத ஒரு வரியும் அதே அளவு முக்கியமானது. நிலையான முகவரி தருவதைப் பற்றிய பொதுவான விளக்கங்கள் கேட்வே எனப்படும் வெளிவாசல் முகவரியையும் எழுதச் சொல்கின்றன. இங்கே அதை எழுதக் கூடாது. 192.168.56.1-ஐக் கேட்வே என்று குறித்தால், விருந்தினருக்கு இரண்டு பொதுவழிகள் உருவாகின்றன. முதல் வாசலில் டிஎச்சிபி தந்த பொதுவழிக்கு `netplan` 100 என்ற மதிப்பெண் தருகிறது. கையால் எழுதிய பொதுவழிக்கு மதிப்பெண் எதுவும் குறிக்காவிட்டால் அது 0 ஆகக் கொள்ளப்படுகிறது. குறைந்த மதிப்பெண்ணுக்கே முன்னுரிமை. ஆகவே இணையத்துக்குப் போக வேண்டிய பொட்டலங்கள் எல்லாம் புரவலரின் `vboxnet0` வாசலில் வந்து குவியும். பிறர் பொட்டலத்தை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் வேலையைச் சாதாரணக் கணினி செய்வதில்லை என்பதால் அவை அங்கேயே கைவிடப்படும். வலைச் சேவையகம் புரவலருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் `apt update` மட்டும் அசையாமல் நிற்கும். இந்த இரு குறிகளும் சேர்ந்து தோன்றினால் `ip route` கட்டளையின் விடையில் `default` என்று தொடங்கும் வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே காரணம் வெளிப்பட்டுவிடும்.

கோப்பு எழுதி முடித்தபின் அதன் உரிமைகளை `sudo chmod 600` கட்டளையால் சுருக்கிவிட்டு, `sudo netplan try` என்று கொடுக்க வேண்டும். இது புதிய அமைப்பை நடைமுறைப்படுத்திவிட்டு 120 நொடிகள் காத்திருக்கும். அதற்குள் என்டர் விசை அழுத்தப்படாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே வேலை செய்பவர் தவறான முகவரி எழுதித் தன்னையே வெளியே பூட்டிக்கொள்ளும் ஆபத்தை முன்னிட்டு வைக்கப்பட்ட ஏற்பாடு இது. இப்போது `ip -br addr` கேட்டால் `enp0s8 UP 192.168.56.10/24` என்ற வரி தென்படும்.

ஒரு கோரிக்கையின் பயணம்

விருந்தினரில் `sudo apt install nginx` என்று கொடுத்தால் எஞ்சின்எக்ஸ் என்னும் வலைச் சேவையகம் நிறுவப்பட்டு உடனே இயங்கத் தொடங்கும். பிறகு புரவலரில் சோதிக்க வேண்டும்:

```
$ curl -I http://192.168.56.10/
HTTP/1.1 200 OK
Server: nginx/1.24.0 (Ubuntu)
```

இந்தச் சிறு விடை வருவதற்கு முன் கோரிக்கை நான்கு இடங்களைக் கடந்து வந்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அது தடைபடலாம், ஒவ்வொரு தடையும் தனக்கே உரிய குறியைக் காட்டுகிறது. குறியைப் படிக்கத் தெரிந்தவர் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

முதல் இடம் புரவலரின் வழித்தட அட்டவணை. `ip route get 192.168.56.10` என்று கேட்டால், அந்த முகவரிக்கு எந்த வாசல் வழியே போகப் போகிறது என்பதைப் புரவலர் சொல்லிவிடும்.

```
192.168.56.10 dev vboxnet0 src 192.168.56.1 uid 1000
```

`dev vboxnet0` என்பதற்குப் பதிலாக வைஃபை அட்டையின் பெயரும், `via 192.168.1.1` போன்ற வீட்டு ரூட்டரின் முகவரியும் வந்தால், தெரு இருப்பதையே புரவலர் அறியவில்லை என்று பொருள். லினக்ஸ் புரவலரில் விருந்தினர் அணைந்திருக்கும்போது இப்படி நேர்வது இயல்பு, ஏனெனில் `vboxnet0` பெரும்பாலும் ஒரு விருந்தினர் இயங்கத் தொடங்கியபிறகே முகவரி பெற்று எழுகிறது. விருந்தினர் இயங்கிக்கொண்டிருந்தும் வழி தவறினால், அலுவலக விபிஎன் எதுவும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அதன் வலையமைப்பும் 192.168.56-இலேயே தொடங்குவதாக இருந்தால் இரண்டில் ஒன்றுதான் வெல்லும்.

இரண்டாவது இடம் ஏஆர்பி. ஐபி முகவரி கதவெண் என்றால், ஸ்விட்ச் அறிந்தது ஒவ்வோர் அட்டைக்கும் உரிய மேக் முகவரியை மட்டுமே, எனவே 192.168.56.10 யாருடையது என்று புரவலர் தெரு முழுவதும் கூவிக் கேட்க, உரியவர் தன் மேக் முகவரியைச் சொல்ல வேண்டும். 1982-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்ட இந்த விசாரிப்பு முறை இன்றும் அப்படியே புழங்குகிறது. பதில் சொல்ல யாரும் இல்லையென்றால், ஏறக்குறைய 3 நொடிகள் கழித்து `No route to host` என்ற செய்தி வரும். விருந்தினர் அணைந்திருக்கிறது, அல்லது `enp0s8` இன்னும் எழவில்லை, அல்லது முகவரி வேறொன்றாக எழுதப்பட்டிருக்கிறது. பதில் வந்திருந்தால், புரவலரில் `ip neigh` கட்டளை அதைக் காட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் தரும் மேக் முகவரிகள் 08:00:27 என்று தொடங்குவதால் அவற்றை அடையாளம் காண்பது எளிது.

மூன்றாவது இடம் விருந்தினரின் ஃபயர்வால், அதாவது உள்ளே வரும் இணைப்புகளைச் சலித்து விடும் தடுப்பு. உபுண்டுவில் `ufw` இயக்கப்பட்டிருந்தால், அனுமதிக்கப்படாத போர்ட்டுக்கு வரும் பொட்டலத்தை அது மறுமொழி எதுவும் இல்லாமல் விழுங்கிவிடுகிறது. அதனால் உலாவி நெடுநேரம் சுழன்று, கடைசியில் நேரம் கடந்தது என்று அறிவிக்கும். இங்கே பலரைக் குழப்புவது `ping` என்னும் சோதனைக் கட்டளை. `ufw` தன் இயல்பான விதிகளில் `ping` கேள்விகளை அனுமதித்தே வைத்திருப்பதால், `ping` உடனுக்குடன் பதில் பெறும், வலைப்பக்கம் மட்டும் வராது. கணினி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் `ping` எதையும் உறுதி செய்வதில்லை. `sudo ufw allow 80/tcp` என்று அனுமதித்தவுடன் பக்கம் வந்துவிடும்.

நான்காவது இடமே மிகுதியாகப் பிழை நேரும் இடம், ஆனால் மிக எளிதில் தீரும் இடமும் அதுவே. சேவையகம் ஒரு போர்ட்டில் காத்திருக்கும்போது, எந்த முகவரிக்கு வருவோரை ஏற்பது என்பதையும் அது முடிவு செய்கிறது. 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. அதில் மட்டும் காத்திருக்கும் சேவையகம், அதே கணினிக்குள்ளிருந்து வருவோருக்கு மட்டுமே கதவு திறக்கும். 0.0.0.0 என்று குறித்தால் அந்தக் கணினியின் எல்லா முகவரிகளிலும் ஏற்கும். இதை விருந்தினரில் `ss -ltn` காட்டுகிறது:

```
State   Local Address:Port
LISTEN  0.0.0.0:80
LISTEN  127.0.0.1:8000
```

முதல் வரி எஞ்சின்எக்ஸ். இரண்டாவது, பைத்தான் மொழியின் ஜாங்கோ சட்டகத்தில் எழுதப்படும் ஒரு தளத்தைச் சோதிக்கும் சேவையகம். விருந்தினருக்குள் `curl http://127.0.0.1:8000/` என்று கேட்டால் பக்கம் குறையின்றி வரும்; புரவலரிலிருந்து 192.168.56.10:8000 என்று கேட்டால் `Connection refused` என்ற மறுப்பு நொடிப்பொழுதில் வந்துவிடும். அந்த வேகமே தகவல் தருகிறது: பொட்டலம் தெருவைக் கடந்து வீட்டை அடைந்துவிட்டது, ஃபயர்வால் அதைத் தடுக்கவில்லை, அந்தக் கதவில் கேட்க ஆளில்லை என்று விருந்தினரின் இயங்குதளமே சொல்லி அனுப்பியிருக்கிறது. முகவரியையோ அடாப்டரையோ மாற்ற வேண்டிய தேவை இல்லை. சோதனைச் சேவையகத்தை `python3 manage.py runserver 0.0.0.0:8000` என்று தொடங்கினால் இணைப்பு கிடைக்கும். அதன்பின் ஜாங்கோ தன் `ALLOWED_HOSTS` பட்டியலில் 192.168.56.10 இல்லை என்று பிழைப்பக்கம் காட்டக்கூடும், ஆனால் பிழைப்பக்கம் என்பதே பயணம் முடிந்துவிட்டது என்பதற்கான சான்று. அதற்குமேல் உள்ளவை சேவையகத்தின் சொந்த அமைப்பைச் சேர்ந்தவை.

எல்லா முகவரிகளிலும் ஏற்பதைவிட 192.168.56.10-இல் மட்டும் ஏற்பது கூடுதல் பாதுகாப்பு என்று கருதி, எஞ்சின்எக்ஸின் அமைப்பில் `listen 192.168.56.10:80;` என்று எழுதுவோரும் உண்டு. கருத்து சரியானதே, ஆனால் விருந்தினர் எழும்போது முகவரி வந்து சேர்வதற்கு முன்பே சேவையகம் விழித்துக்கொண்டால், தனக்கு இல்லாத முகவரியில் உட்கார முடியாமல் `Cannot assign requested address` என்ற பிழையோடு அது நின்றுவிடும். கையால் மறுபடி தொடங்கும்போது முகவரி வந்துவிட்டிருக்கும் என்பதால் பிழை மறைந்துவிடும். மறுதொடக்கத்தின்போது மட்டும் தலைகாட்டும் இத்தகைய பழுது கண்டுபிடிக்கக் கடினமானது. வெளியே யாருக்கும் தெரியாத ஹோஸ்ட்-ஒன்லி தெருவில் 0.0.0.0 போதுமானது என்றே கொள்ளலாம்.

இரட்டையரும் எல்லைகளும்

நிலையான முகவரிக்கு ஒரு விலை உண்டு: அது வட்டில் எழுதப்பட்டிருப்பதால், விருந்தினரை நகலெடுக்கும்போது அதுவும் நகலாகிறது. நகலெடுக்கும்போது அட்டைகளுக்குப் புதிய மேக் முகவரிகள் தரும்படி விர்ச்சுவல்பாக்ஸைக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் வட்டிற்குள் இருக்கும் `60-hostonly.yaml` அதற்குத் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கினால், ஒரே கதவெண்ணுக்கு இரண்டு வீடுகள். ஏஆர்பி கேள்விக்கு எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன் மேக் முகவரியைப் புரவலர் குறித்துக்கொள்ளும்; சிறிது நேரம் கழித்து மறுபடி விசாரிக்கும்போது மற்றொன்று முந்தலாம். ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தபின் உலாவியில் திருத்தம் தெரிந்து, சற்று நேரத்தில் பழைய பக்கமே மீண்டும் தோன்றினால், உலாவியின் தற்காலிகச் சேமிப்பைக் குறை சொல்வதற்கு முன் `ip neigh` விடையில் 192.168.56.10-க்கு எதிரே உள்ள மேக் முகவரியை இரண்டு மூன்று முறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அது மாறிக்கொண்டிருந்தால் இரட்டையர் இருக்கிறார்கள். நகலை முதன்முறை இயக்கும் முன்பே அதன் இரண்டாம் அடாப்டரைத் துண்டித்து வைத்து, உள்ளே முகவரியை 11 என்று மாற்றிய பிறகு இணைப்பதே முறையான வழி.

தெருவுக்கு வேறு பெயர் வேண்டும் என்போர் ஒரு வரம்பை அறிந்திருக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் 6.1.28 பதிப்பிலிருந்து, லினக்ஸ், மேக்ஓஎஸ் போன்ற புரவலர்களில் ஹோஸ்ட்-ஒன்லி வலையமைப்புக்கு 192.168.56.0 முதல் 192.168.63.255 வரையிலான முகவரிகளே இயல்பாக அனுமதிக்கப்படுகின்றன. விபிஎன் மோதலைத் தவிர்க்க 192.168.60.0/24-க்கு மாறுவது இந்த வரம்புக்குள் அடங்கும், 10.10.10.0/24 போன்ற ஒன்றை விரும்பினால், புரவலரில் `/etc/vbox/networks.conf` என்னும் கோப்பை உருவாக்கி, `* 10.10.10.0/24` என்று அதில் எழுதி அனுமதிக்க வேண்டும். இந்தக் கோப்பைப் பற்றி அறியாதவர்கள், பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த அமைப்பு மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளே மறுக்கப்படுவதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள்.

எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வேண்டுமென்றால், புரவலரின் `/etc/hosts` கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்:

```
192.168.56.10   nool.test
```

`.test` என்னும் முடிவு சோதனைக்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்டது; இணையத்தில் எவருக்கும் அது விற்கப்படுவதில்லை என்பதால் உண்மையான தளம் எதனோடும் மோதாது. பெயர் வைப்பதன் பயன் நினைவில் கொள்வதோடு நிற்பதில்லை. உலாவி தான் எந்தப் பெயரைக் கேட்டு வந்தது என்பதை ஒவ்வொரு கோரிக்கையிலும் எழுதி அனுப்புவதால், `nool.test`, `kadai.test` என்ற இரண்டு பெயர்களையும் அதே 192.168.56.10-க்கு எழுதிவிட்டு, எஞ்சின்எக்ஸில் `server_name` வரியின் மூலம் இரண்டு தனித் தளங்களை ஒரே போர்ட்டில் நடத்தலாம். முகவரி நிலைத்திருந்தால்தான் இந்தக் கோப்பை ஒருமுறை எழுதி மறந்துவிட முடியும்.

அதே தளத்தைக் கைப்பேசியில் பார்க்க முயன்றால் பக்கம் வராது. கைப்பேசி வீட்டு வைஃபையில் இருக்கிறது, 192.168.56.10 இருக்கும் தெரு மடிக்கணினிக்குள் மட்டுமே இருக்கிறது. வீட்டு ரூட்டருக்கு அது இருப்பதே தெரியாது. கைப்பேசித் திரையில் தளத்தைச் சோதிக்க வேண்டியவர் விருந்தினருக்கு மூன்றாவது அடாப்டரைப் பிரிட்ஜ்டு வகையில் சேர்த்து, அந்த வேலைக்கு மட்டும் அதை இயக்கி, முடிந்தபின் அணைத்துவிடலாம். அது உபுண்டுவில் `enp0s9` என்ற பெயரில் வரும், அதற்கு டிஎச்சிபி தரும் முகவரியே போதும்.